திதி நினைவிருக்கிறது, வயது நினைவில்லை

(ஸ்ரீரங்கத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் கையில் இருப்பது ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கை. என்னிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் ஒருவருடையது. அவர் சம்மதத்தோடுதான் கொண்டுவந்திருக்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்வேன், எண்களை மாற்றவில்லை. வயது நாற்பத்தாறு. இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், காவிரிப் பாலம் தாண்டி அலுவலகம் போய்வருபவர். சிகரெட் இல்லை, மது இல்லை, முட்டைகூடத் தொடமாட்டார். உயரம் 168 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. அவரைப் பார்த்து யாரும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் 184. கெட்ட கொலஸ்ட்ரால் என்று நாம் சொல்லும் எல்.டி.எல். 108. நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். 33. ட்ரைகிளிசரைடு 215.

இதைப் பார்த்துவிட்டு, "மொத்தம் இருநூறுக்குள்ள இருக்கு, எல்.டி.எல். நூத்தியெட்டுதான். பயப்பட ஒண்ணுமில்ல, எண்ணெயைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்று சொல்லி அனுப்பியவன் நான். எட்டு மாதம் கழித்து, மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை மூன்றரை மணிக்கு அவருக்கு நெஞ்சில் பாரம் ஏறியது. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். ஆறு மணிக்கு வியர்த்துக் கொட்டிய பிறகுதான் ஆட்டோ பிடித்தார்கள். இதயத்தின் முன்பக்கத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் முழுவதும் அடைபட்டிருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த இரண்டரை மணி நேரத்தில் செத்த தசை செத்ததுதான். இன்று அவரால் இரண்டு மாடி ஏற முடியும்; மூன்றாவது மாடிக்கு நின்று மூச்சு வாங்க வேண்டும்.

அவருடைய மனைவி என்னைக் கேட்டார்: "கொலஸ்ட்ரால் நார்மல்னுதானே டாக்டர் சொன்னீங்க?"

அந்தக் கேள்விக்கு நான் கொடுக்க வேண்டிய பதில்தான் இந்தச் சொற்பொழிவு. கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் அப்பாவோ தாத்தாவோ வேலை பார்த்த குடும்பங்கள் இந்த அரங்கில் பல இருக்கும். 1950களின் இறுதியிலும் 60களின் தொடக்கத்திலும், மேற்கு ரயில்வேயின் தலைமை மருத்துவ அதிகாரியாகப் பம்பாயில் இருந்த எஸ்.எல். மல்ஹோத்ரா ஒரு காரியம் செய்தார். நாடு முழுவதும் ரயில்வேயில் வேலை பார்த்த பதினோரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களில், பணியில் இருக்கும்போதே மாரடைப்பால் இறந்தவர்கள் யார் யார் என்று கணக்கெடுத்தார். 1958 முதல் 1962 வரையிலான கணக்கு. ரயில்வேயை ஏன் எடுத்தார் என்றால், ஒரே முதலாளி, ஒரே மாதிரி வேலைகள், ஒரே மாதிரி மருத்துவ வசதி. எந்த ஊர்க்காரராக இருந்தாலும் இறப்பு ஒரு பதிவேட்டில் ஏறிவிடும். 1967இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல் என்ற மருத்துவ இதழில் அது வெளியானது.

வடக்கே, பஞ்சாப் பக்கத்து ஊழியர்களோடு ஒப்பிட்டால், தெற்கே இந்த நோயால் இறந்தவர்கள் ஏழு மடங்கு அதிகம். இறந்தவர்களின் சராசரி வயது வடக்கே 52, தெற்கே 44. இதில் எல்லோரையும் திகைக்க வைத்த விஷயம் வேறு. வடக்கே இருந்தவர்கள் நம்மைப் போல எட்டு முதல் பத்தொன்பது மடங்கு கொழுப்பு சாப்பிட்டார்கள். பெரும்பாலும் பால், நெய். புகையும் அவர்கள்தான் பல மடங்கு அதிகம் பிடித்தார்கள். நெய்யும் புகையும் அங்கே, மாரடைப்பு இங்கே.

இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பணியில் இருந்தவர்களை மட்டும் எண்ணியதால் அறுபது வயதில் இறந்தவர் இதில் வரவே மாட்டார். ஆகவே 44 என்பது தென்னாட்டு மனிதனின் ஆயுள் அல்ல. இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள எட்டு வருட இடைவெளிதான் செய்தி. தெற்கு என்றால் தமிழர் மட்டும் இல்லை, மலையாளிகள், தெலுங்கர்கள், கன்னடர்கள் எல்லோரும் சேர்த்துத்தான். மல்ஹோத்ரா இதற்குச் சொன்ன விளக்கமும், பால் கொழுப்பு காக்கிறது, விதை எண்ணெய் கெடுக்கிறது என்ற போக்கில் சென்றது, அது நிலைக்கவில்லை. பிற்காலத்தில் வடக்கிலும் நகரங்களில் மாரடைப்பு மலிந்துவிட்டது. விளக்கம் போனாலும் அவர் கண்ணில் பட்ட புதிர் போகவில்லை: கொழுப்பு குறைவாகத் தின்னும் ஒரு கூட்டத்துக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம்?

இதே புதிரை அவருக்கும் முன்பே கடல் தாண்டி ஒருவர் பார்த்திருந்தார். நம் விமான நிலையத்தில் நள்ளிரவில் போய் நின்று பாருங்கள், சிங்கப்பூர் விமானத்துக்குப் பெட்டியோடு நிற்பவர்களில் பாதிப்பேர் திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைக்காரர்கள். சிங்கப்பூரில் இந்தியர் என்று கணக்கெடுத்தால் பெரும்பான்மை தமிழர்கள்தான். அங்கே டி.ஜே. தனராஜ் என்ற மருத்துவர், பின்னாளில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தின் முதல் முதல்வராக ஆனவர், 1950களின் முற்பாதியில் நடந்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரேதப் பரிசோதனைகளின் பதிவுகளை எடுத்துப் புரட்டினார். எல்லாம் ஒரே ஊர். இந்திய ஆண்களின் உடல்களில் இதயக் குழாய் நோய், சீன ஆண்களைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு. 1959இல் அது அச்சானது.

அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து, சிங்கப்பூரில் உயிரோடு இருப்பவர்களின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரிலும். மொத்தக் கொலஸ்ட்ராலிலும் எல்.டி.எல்.லிலும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை! இறப்பு மட்டும் இந்தியர்களுக்குப் பல மடங்கு. இந்தியர்களிடம் வேறுபட்டு நின்றவை இரண்டு: எச்.டி.எல். குறைவு, சர்க்கரை நோய் அதிகம்.

இப்போது என் கையில் உள்ள காகிதத்துக்கு வருகிறேன். எல்.டி.எல். 108 என்பதில் என்ன எண்ணப்படுகிறது?

காந்தி மார்க்கெட் அரிசி மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் அரிசி உள்ளே வருகிறது. எடை மேடை ஆயிரம் கிலோ என்று காட்டும். அந்த ஆயிரம் கிலோ 75 கிலோ மூட்டைகளாக வந்தால் பதின்மூன்று பதினான்கு மூட்டை. 25 கிலோ சிப்பங்களாக வந்தால் நாற்பது சிப்பம். எடை ஒன்றுதான், ஆனால் குறுகிய வாசலில் சுவரை உரசிக்கொண்டு உள்ளே போவது நாற்பது முறை. சுவர் சேதமாவது எடையால் இல்லை, எத்தனை முறை உரசியது என்பதால்.

கொலஸ்ட்ரால் ரத்தத்தில் தனியாக மிதப்பதில்லை. எண்ணெய் தண்ணீரில் கரையாது. ஆகவே கல்லீரல் அதைச் சிறு உருண்டைகளாகக் கட்டி அனுப்புகிறது. அந்த உருண்டைகள்தான் குழாயின் உள்சுவரில் நுழைந்து சிக்கிக்கொள்பவை. ஆய்வகம் சொல்லும் எல்.டி.எல். எண், அந்த உருண்டைகளுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலின் எடை. எத்தனை உருண்டை என்று அது சொல்லாது. உருண்டைகள் சிறியனவாக இருந்தால் எடை சுமாராக இருக்கும்போதே எண்ணிக்கை கூடிவிடும். நம்மில் பலருக்கு நடப்பது இதுதான்.

நல்லவேளையாக எண்ண ஒரு வழி உண்டு. ஒவ்வொரு சிப்பத்திலும் ஒரு சீட்டு தைத்திருப்பதுபோல, இந்த உருண்டை ஒவ்வொன்றிலும் ஏபோ பி என்ற புரதம் ஒன்றே ஒன்று இருக்கிறது. சீட்டுகளை எண்ணினால் சிப்பங்களை எண்ணியதாகிவிடும். நம் நண்பருக்கு மாரடைப்பு வந்த அன்றே எடுத்த ரத்தத்தில் ஏபோ பி 118. அவருடைய குடும்ப வரலாற்றைப் பிறகு சொல்கிறேன், அப்படிப்பட்டவருக்கு அது 90க்குள் இருந்திருக்க வேண்டும். எடை மேடை சரி என்று சொன்னது, வாசலில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது.

ஏபோ பி சோதனை எல்லா ஊரிலும் கிடைக்காது. அதற்குப் பக்கத்தில் வரும் ஒரு கணக்கை எந்தக் காகிதத்திலும் நீங்களே போட்டுக்கொள்ளலாம், காசு கொடுக்க வேண்டாம். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழியுங்கள். 184இல் 33 போனால் 151. எச்.டி.எல். தவிர்த்த மற்ற எல்லா உருண்டைகளிலும் உள்ள கொலஸ்ட்ரால் அது. எல்.டி.எல். இருக்க வேண்டிய அளவோடு முப்பதைக் கூட்டினால் இது இருக்க வேண்டிய அளவு. எல்.டி.எல். நூறுக்குள் இருக்க வேண்டியவருக்கு இது 130க்குள். இவருக்கு 151. அன்று அந்தக் காகிதத்திலேயே இந்தக் கழித்தல் காத்துக்கொண்டிருந்தது, நான் போடவில்லை.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். அந்த 108 பெரும்பாலும் நேரடியாக அளந்த எண் அல்ல. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து வருவது. 215இல் ஐந்தில் ஒரு பங்கு 43. 184இலிருந்து 33ம் 43ம் போனால் 108. 1972இல் ஃப்ரீட்வால்ட் என்பவர் கொடுத்த சூத்திரம். ட்ரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு எல்.டி.எல்.லைக் குறைத்துக் காட்டும். நானூறைத் தாண்டினால் கணக்கே பிசகிவிடும். ட்ரைகிளிசரைடு கூடுதலாக உள்ள நம் ஊர் ரத்தத்தில், நாம் பெரிதும் நம்பும் எண்தான் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது.

அப்படியென்றால் நம் உருண்டைகள் ஏன் சிறியனவாகவும் அதிகமாகவும் இருக்கின்றன? வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் இதற்கு முதல் காரணம். தோலுக்கடியில் சேரும் கொழுப்பு ஓரளவு சும்மா கிடக்கும். குடலைச் சுற்றிச் சேர்வது அப்படி இல்லை; அது கொழுப்பமிலங்களைக் கல்லீரலுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இன்சுலின் சொல்வதை உடல் கேட்காமல் போகும். கல்லீரல் ட்ரைகிளிசரைடு நிறைந்த பெரிய உருண்டைகளை அதிகம் கட்டி வெளியே விடும். அந்தப் பெரிய உருண்டைகள் ரத்தத்தில் எச்.டி.எல்.லோடும் எல்.டி.எல்.லோடும் சரக்கு மாற்றிக்கொள்கின்றன: ட்ரைகிளிசரைடைக் கொடுத்து கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கின்றன. அப்படி மாற்றிக்கொண்ட எச்.டி.எல். சீக்கிரம் சிதைந்து அளவு குறைகிறது, எல்.டி.எல். சுருங்கிச் சிறியதாகிறது. எச்.டி.எல். 33, ட்ரைகிளிசரைடு 215 என்ற ஜோடியைப் பார்த்தாலே உள்ளே இந்தப் பண்டமாற்று நடக்கிறது என்று ஊகித்துவிடலாம். இது ஏதோ ஒருவருடைய கோளாறும் இல்லை. தமிழ்நாட்டையும் சேர்த்து நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. அதில் எல்.டி.எல். அதிகமாக இருந்தவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர், எச்.டி.எல். குறைவாக இருந்தவர்கள் நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர்.

68 கிலோ மனிதருக்கு வயிற்றுக் கொழுப்பா என்று கேட்பீர்கள். புனேயில் மருத்துவர் யாஜ்னிக் பல ஆண்டுகளாகச் செய்த வேலை இதற்குப் பதில் சொல்கிறது. புனே அருகே கிராமங்களில் பிறக்கும் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைக்குத் தசை குறைவு, வயிற்றுறுப்புகள் சிறிது. ஆனால் முதுகுத் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும், உள்ளே கொழுப்புப் பங்கு அதிகம். யாஜ்னிக்கும் லண்டனில் அவருடைய நண்பர் யுட்கினும் 2004இல் தங்கள் இருவர் படத்தையே லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கான எடைக் குறியீடு 22.3, துல்லியமாக ஒன்றே. யுட்கினின் உடலில் கொழுப்பு 9 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.

ஆகவே எடை இயந்திரத்தைவிட நாடா நல்லது. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். நம்மவர்களுக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது. "பேன்ட் சைஸ் முப்பத்திநாலுதான் டாக்டர்" என்பார்கள். பேன்ட்டும் வேட்டியும் வயிற்றுக்குக் கீழே இறங்கி நிற்கின்றன, அந்த எண் உதவாது. நம் நண்பருக்கு நாடாவில் 96. மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.2, சர்க்கரை நோய் என்று சொல்வதற்கு ஒரு படி கீழே. இதில் சைவம் காப்பாற்றுமா என்றால், காலையில் நான்கு இட்லி, மதியம் குழம்பு, ரசம், மோர் என்று மூன்று தடவை சாதம், மாலையில் பஜ்ஜி, இரவில் மறுபடி டிபன் என்று ஓடும் சைவம் இந்தப் பண்டமாற்றைத் தடுப்பதில்லை. கல்லீரல் அரிசியிலிருந்தே ட்ரைகிளிசரைடு செய்துகொள்ளும்.

இதுவரை சொன்னது, வாழ்ந்த விதத்தில் பாதி, பிறந்த விதத்தில் பாதி. முழுக்கப் பிறப்போடு வருவது ஒன்று இருக்கிறது. அந்த நண்பரின் காகிதத்தில் அது இல்லவே இல்லை, ஏனென்றால் வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனையில் அது சேராது.

1963இல் நார்வேயில் கோரே பெர்க் என்பவர் லிப்போபுரோட்டீன்-ஏ என்பதைக் கண்டுபிடித்தார். மண்டிக்கே திரும்புவோம். சுமை தூக்குபவர்கள் மூட்டையைக் கொக்கி போட்டு இழுப்பார்கள். கொக்கியை எடுக்க மறந்துவிட்ட ஒரு சிப்பத்தை நினைத்துப் பாருங்கள். போகிற இடமெல்லாம் மாட்டும், கிழிக்கும். இது அதுதான்: ஒரு எல்.டி.எல். உருண்டை, அதில் ஒட்டிய ஒரு கூடுதல் புரத வால். அந்த வால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தைப் போலவே தோற்றம் கொண்டது. ஆனால் கரைக்கும் வேலை செய்யாது. குழாய்ச் சுவரில் அழற்சியைத் தூண்டும் கெட்டுப்போன கொழுப்பை இதுதான் சுமந்துகொண்டு போகிறது.

இதன் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு மரபணு. சிறு பிள்ளையிலேயே வாழ்நாள் அளவுக்கு வந்துவிடும். நடந்தாலும் குறையாது, எண்ணெயை விட்டாலும் குறையாது, கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரையாலும் குறையாது. இதை மட்டும் குறைக்கும் ஊசி மருந்துகளைப் பெரிய ஆய்வுகளில் சோதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறோம். நம் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அப்படி இருக்கிறது. 1996இல் வெளியான ஓர் ஆய்வில், சிங்கப்பூரில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது, இந்தியக் குழந்தைகளுக்கு இது சீனக் குழந்தைகளைவிட அதிகம். ஒரு வாய்ப் பால்கூடக் குடிக்காத சிசுவிடம் தெரிந்த வேறுபாடு அது! தனராஜ் பிணவறையில் பார்த்ததன் ஒரு நுனி, பிரசவ அறையில் கிடைத்தது.

நண்பருக்கு லிப்போபுரோட்டீன்-ஏ 96.

இங்கே ஒரு எச்சரிக்கை. நான்கில் மூன்று பேருக்கு இது அதிகம் இல்லை. அவர்களிலும் இளவயதில் மாரடைப்பு வருகிறது. எல்லாவற்றையும் பரம்பரையின் தலையில் கட்டிவிட்டு உட்கார்ந்துவிட முடியாது. சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வந்தவர்களின் சராசரி வயது நம் தெற்காசியாவில் 53. மற்ற நாடுகளில் ஏறக்குறைய 59. ஏன் என்று 2007இல் பிரித்துப் பார்த்தார்கள். புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், வயிற்றுப் பருமன், ஏபோ புரதங்களின் விகிதம் என்று உலகம் முழுவதும் வேலை செய்யும் அதே காரணங்கள்தான் இங்கும். அவை நம்மிடம் முன்கூட்டியே வந்து சேர்ந்துவிடுகின்றன. அந்தக் காரணங்களைக் கணக்கில் கொண்டு சமன்செய்தபோது, நாம் இளவயதில் விழுவதன் பெரும்பகுதி அவற்றாலேயே விளங்கிவிட்டது. மல்ஹோத்ரா கண்ட எட்டு வருடமும் இந்த ஆறு வருடமும் ஒரே கதையின் இரு பதிப்புகள் என்று நான் நினைக்கிறேன். நமக்குக் கிடைத்திருப்பது விதி இல்லை, முன்கூட்டி ஓடும் கடிகாரம். முப்பத்தைந்தில் பார்க்க வேண்டியதை நாற்பத்தைந்தில் பார்த்தால் தாமதம்.

வெளிநாட்டுக் கணக்கிடும் கருவிகளில் இந்த நண்பரின் எண்களைப் போட்டால் பத்து ஆண்டுக்குள் மாரடைப்பு வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்றுதான் காட்டும், ஏனென்றால் அவை வயதையே பெரிதாகப் பார்க்கின்றன. 2018 அமெரிக்க வழிகாட்டு நெறி இந்தக் குறையை ஒப்புக்கொண்டது. தெற்காசிய வம்சம் என்பதையே ஆபத்தைக் கூட்டும் ஒன்றாக எழுதியது. அப்பாவோ அண்ணன் தம்பியோ 55 வயதுக்கு முன், அம்மாவோ அக்காள் தங்கையோ 65 வயதுக்கு முன் இந்த நோயில் விழுந்திருந்தால் அதையும், கூடுதலான லிப்போபுரோட்டீன்-ஏ அளவையும் அதே பட்டியலில் வைத்தது.

மாரடைப்புக்குப் பிறகு வேறொரு ஏமாற்றமும் உண்டு. மாரடைப்பு வந்த ஓரிரு நாளில் கொலஸ்ட்ரால் தானாக இறங்கத் தொடங்கும். பல வாரம் கழித்துத்தான் பழைய நிலைக்கு வரும். ஐந்தாம் நாள் எடுத்த ரத்தத்தில் எல்.டி.எல். 80 என்று வரும். "பார்த்தீங்களா, கொலஸ்ட்ராலே இல்லாம அட்டாக் வந்திருக்கு" என்று உறவினர்கள் பேசிக்கொள்வார்கள், மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிடுவார்கள். முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் எடுத்த எண்ணை மட்டும் நம்புங்கள். லிப்போபுரோட்டீன்-ஏ அளவை இப்போதைக்குப் பெரிதாகக் குறைக்க முடியாது என்பதால்தான் எல்.டி.எல்.லை இன்னும் ஆழமாக இறக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை அடைப்பு வந்தவருக்கு 55க்கும் கீழே. கொக்கி உள்ள சிப்பத்தை அகற்ற முடியாவிட்டால் மற்ற சிப்பங்களையாவது வாசலிலிருந்து விலக்க வேண்டும்.

நான் செய்த பெரிய பிழை கழித்தல் போடாதது மட்டும் இல்லை. குடும்பத்தைக் கேட்காதது. கேட்டிருந்தாலும் பதில் உடனே கிடைத்திருக்காது. நம் வீடுகளில் இதில் ஒரு வேடிக்கையான பழக்கம்... வேடிக்கை என்று சொல்லக் கூடாது, மரியாதையான பழக்கம்தான். "அப்பா எப்ப தவறினார்?" என்று கேட்டால், "ஆடி மாசம், கிருஷ்ண பட்சம், சப்தமி" என்பார்கள். அம்மா மண்டபத்தில் வருடா வருடம் தவறாமல் திதி கொடுக்கிறார்கள். "எத்தனை வயசுல?" என்றால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "எதனால?" என்றால், "மார்வலி மாதிரி வந்தது, அப்படியே போயிட்டார்." திதி மூன்று தலைமுறைக்கு நினைவிருக்கிறது. வயது ஒரு தலைமுறைக்குக்கூட இல்லை. மருத்துவருக்கு வேண்டியது அந்த வயதுதான்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, அவருடைய அம்மாவை உட்காரவைத்து நாங்கள் கணக்குப் போட்டோம். கல்யாணம் ஆன வருடம், பெரிய பிள்ளை பிறந்த வருடம், வீட்டுக்குக் கடன் வாங்கிய வருடம் என்று வைத்து வைத்துக் கண்டுபிடித்தோம். அப்பா போனது ஐம்பத்துநான்கில். ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தா போனது நாற்பத்தெட்டில், ஓய்வு பெறுவதற்கு முன்பே. பெரியப்பாவுக்கு ஐம்பத்தொன்றில் பைபாஸ். அந்த அம்மாள் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத்தனை நாள் இதை யாரும் சேத்து வச்சுக் கேக்கலையே" என்றார்.

அதற்குப் பிறகு குடும்பத்தில் மற்றவர்களைச் சோதித்தோம். தம்பி சிங்கப்பூரில் இருக்கிறார், நாற்பத்தொரு வயது. அவருக்கும் ஆண்டுதோறும் வேலை செய்யும் இடத்தில் பரிசோதனை, ஆண்டுதோறும் நார்மல். லிப்போபுரோட்டீன்-ஏ அவருக்கு 88. மொத்தத்திலிருந்து எச்.டி.எல். போக 144. இப்போது ஸ்டாட்டின் எடுத்துக்கொள்கிறார். இடுப்புச் சுற்றளவு 94இலிருந்து 88க்கு வந்திருக்கிறது. நண்பருக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்குப் பத்தொன்பது, அவளுக்கு 14தான். அந்தச் சொத்து அவளுக்கு வரவில்லை. மகனுக்குப் பதினைந்து, அவனுக்கு 101. அவனுக்கு மருந்து எதுவும் கொடுக்கவில்லை, இந்த வயதில் தேவையில்லை. புகை தொடக் கூடாது என்று அப்பா அவனிடம் சொல்லியிருக்கிறார், இடுப்பை அம்மா அளந்து வைக்கிறார். இருபது வயதில் மறுபடி முழுப் பரிசோதனை.

போன மாதம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். பூஜை அறையில் ஜாதகக் குறிப்புகளும் திதிகளும் எழுதிய பழைய நோட்டு ஒன்று உண்டு. அதை அந்த அம்மாள் எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு திதிக்கும் பக்கத்தில் அவருடைய மருமகள் பால்பாயின்ட் பேனாவால் வயதை எழுதியிருந்தார்: 48, 54. கடைசிப் பக்கத்தில், பேரன் பெயருக்கு நேரே, நட்சத்திரத்துக்கும் ராசிக்கும் கீழே, 101 என்று எழுதியிருந்தது.